ஃபாரின் போனும் ‘மந்தைவெளி’ங்கற ஒரு வார்த்தையும்

“வெளிநாட்டுல வாங்கின போன்ல தமிழ் வருமா?” இந்தக் கேள்விக்கு எப்படியும் இருபது வயசுக்கு மேல ஆகுது. சிங்கப்பூர்ல இருந்து சித்தப்பா வாங்கிட்டு வந்த காலத்துலயும் கேட்டாங்க, இப்போ அமெரிக்காவுல இருந்து தம்பி வாங்கிட்டு வந்தாலும் கேக்கறாங்க. ஆனா “வராது”ன்னு சொன்ன காலத்துல எல்லாம், வராததுக்குக் காரணம் ஒவ்வொரு தடவையும் வேற வேற. அந்தக் காரணங்களை வரிசையா அடுக்கினா அதுவே ஒரு குட்டி வரலாறு. நம்ம ஜனங்க ஏன் தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுத ஆரம்பிச்சாங்கங்கற கேள்விக்கும் அதுலயே பாதி பதில் இருக்கு. ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி, அதனால பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உக்காந்துடுங்க.

சோதனைக்கு ஒரு வார்த்தை வேணும். நான் எப்பவும் எங்க பேட்டை பேரைத்தான் அடிச்சுப் பாப்பேன்: மந்தைவெளி. ஊர்ப்பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வார்த்தையில எல்லா வில்லங்கமும் இருக்கு. ‘ந்’துல புள்ளி. ‘தை’, ‘வெ’ ரெண்டுலயும் எழுத்துக்கு இடப்பக்கம் வந்து உக்கார்ற குறி. ‘ளி’யில எழுத்தோட ஒட்டி வளையற கொக்கி. ஒரு போன் இந்த அஞ்சு எழுத்தைச் சரியாக் காட்டி, சரியா அடிக்கவும் விட்டு, எதிர்முனையில அப்படியே போய்ச் சேர்த்துட்டா அந்தப் போன் பாஸ்.

இதுக்கு நாலு விஷயம் தனித்தனியா ஒத்துழைக்கணும். ஒண்ணு, எழுத்துரு. ரெண்டு, அந்த எழுத்துகளைக் கோத்து ஒழுங்கா அடுக்கற நிரல். மூணு, அடிக்கறதுக்குக் கீபோர்டு. நாலு, அடிச்சதைக் கெடுக்காம சுமந்துட்டுப் போற வழி. எது இல்லைங்கறதை வர்ற கோளாறை வெச்சே கண்டுபிடிச்சுடலாம். வெறும் கட்டம் கட்டமா வந்தா எழுத்துரு இல்ல. எழுத்து வருது, ஆனா ‘வெ’யில கொம்பு ‘வ’வுக்கு அப்புறம் போய் நிக்குதுன்னா அடுக்கற நிரல் இல்ல. வந்த செய்தி அழகாத் தெரியுது, பதில்தான் அடிக்க முடியலைன்னா கீபோர்டு இல்ல. நீங்க சரியா அனுப்பி, எதிராளிக்கு வரிசையாக் கேள்விக்குறி போச்சுன்னா வழியில யாரோ எழுத்தைத் தின்னுட்டாங்க.

இந்த நாலும் ஒரே வருஷத்துல வந்து சேரலை. கதையே அங்கதான் இருக்கு.

எழுபதும் நூத்தி அறுபதும்

கடைசி விஷயத்துல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா ஜனங்க பாக்கெட்டைத் தொட்டது அதுதான். ஒரு எஸ்.எம்.எஸ்.ல மொத்தம் 140 பைட்டுக்குத்தான் இடம். அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும்னு தரத்தை வகுத்ததால 160 எழுத்து அடங்குச்சு. தமிழ் அந்த 7 பிட் பட்டியல்லயே கிடையாது. அதனால ஒருங்குறிக்கு மாறணும், அதுல குறிக்கு 16 பிட். 1120ஐ 16ஆல வகுத்தா 70. செய்திக்குள்ள ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் முழு செய்தியும் 70 கணக்குக்கு மாறிடும்.

இதோட இன்னொரு விஷயம் இருக்கு. ஒருங்குறியில நாம ஒரு எழுத்துன்னு நினைக்கறது பல சமயம் ரெண்டு குறி. ‘மந்தைவெளி’ நமக்கு அஞ்சு எழுத்து, போனுக்கு ஒன்பது: ம, ந, புள்ளி, த, ஐகாரக் குறி, வ, எகரக் குறி, ள, இகரக் குறி. இப்போ வீட்டுக்கு அனுப்பற ஒரு சாதாரண செய்தியை எடுத்துக்குவோம்.

```
அம்மா, நான் மந்தைவெளி வந்துட்டேன். சாப்பாடு வேண்டாம், ராத்திரி பேசறேன்.
```

இடைவெளி, காற்புள்ளி எல்லாம் சேத்து எண்ணிப் பாருங்க. சரியா 71 குறி. எழுபதைத் தாண்டினா ரெண்டு எஸ்.எம்.எஸ். (ரெண்டையும் ஒட்டறதுக்கான தகவலும் உள்ளயே போகணும், அதனால நீளச் செய்தியில ஒவ்வொரு துண்டுக்கும் 67 தான்.) கடைசியில வெச்ச ஒரு முற்றுப்புள்ளிக்கு இன்னொரு எஸ்.எம்.எஸ். காசு! இதையே நம்மாளுங்க எப்படி அடிச்சாங்க?

```
Amma, naan mandaveli vandhutten. Saappaadu vendaam, raathiri pesaren.
```

இது 69 குறி. கிட்டத்தட்ட அதே நீளம்தான். ஆனா இதுக்கு இடம் 160, பாதிகூட நிறையலை. இன்னும் 91 குறிக்கு வம்பு பேசலாம். அதே வாக்கியம், அதே அளவு, ஆனா ஒண்ணுக்கு இரட்டைக் கட்டணம். அதுவும் எதிராளி போன்ல தமிழ் எழுத்துரு இருந்தாத்தான் பிரயோஜனம், இல்லைன்னா ரெண்டு எஸ்.எம்.எஸ்.க்குக் காசு குடுத்து கட்டம் அனுப்பின கதை. தங்கிலீஷ் வந்ததுக்கு மொழிப்பற்று இல்லாததுதான் காரணம்னு மேடையில பேசறவங்க ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

இதுக்கு விலை குடுத்தது யாருன்னா எங்க பாட்டி மாதிரி ஆளுங்க. பாட்டி தினசரிப் பேப்பரை முதல் பக்கத்துல இருந்து ராசிபலன் வரைக்கும் விடாம படிப்பாங்க. மயிலாப்பூர்ல ஒரு இன்ஸ்டிடியூட்ல தமிழ் டைப்ரைட்டிங் வேற கத்துக்கிட்டவங்க. அவங்க பையன், அதாவது எங்க சித்தப்பா, சிங்கப்பூர்ல இருந்து அனுப்பற செய்தி மட்டும் அவங்களால படிக்க முடியாது. “என்னடா கண்ணா இது, இங்கிலீஷும் இல்ல, தமிழும் இல்ல”ன்னு போனை நீட்டுவாங்க. நான் பள்ளிக்கூடத்துல இருந்து வர்ற வரைக்கும் அந்தச் செய்தி அப்படியே காத்திருக்கும். பெத்த பையன் எழுதினதை பேரன் வாயால கேக்கணும். சித்தப்பா சித்தியோட சண்டை போட்ட வாரத்துல என்ன எழுதியிருந்தாருன்னு அந்த வயசுல எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியமே இல்ல.

சிங்கப்பூர்ல பொங்கல்

வேடிக்கை என்னன்னா, போன்ல தமிழ் அடிக்கறதுக்கான வழி பெரிய அளவுல முதல்ல வந்தது அதே சிங்கப்பூர்லதான். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன், கம்ப்யூட்டருக்கு முரசு அஞ்சல் செஞ்சவர், ‘செல்லினம்’னு ஒரு செயலி செஞ்சார். 2005 பொங்கலை ஒட்டி அது சிங்கப்பூர்ல வெளியாச்சு. அப்போ போன்ல தமிழ் எழுத்துருவை வெளியில இருந்து ஏத்த முடியாது. சிஸ்டத்துக்குள்ள எது இருக்கணும்னு போன் கம்பெனிதான் முடிவு பண்ணும், அதுவும் நாட்டுக்கு நாடு மாறும். ஒரே மாடல் போனா இருந்தாலும் எந்த நாட்டுக்கு விக்கறாங்களோ அந்த நாட்டு மொழிகளைத்தான் உள்ள வெச்சு அனுப்புவாங்க. அதனாலதான் ‘வெளிநாட்டுல வாங்கின போன்’ங்கறது ஒரு தனிப் பிரச்சினையா இருந்துச்சு.

செல்லினம் சுத்திப் போன வழி இது: போன்ல ஜாவா ஓடும், ஜாவா செயலியால திரையில படம் வரைய முடியும். போன்ல எழுத்துரு இல்லையா, பரவாயில்ல, செயலி தன்னோட எழுத்தைத் தானே கொண்டு வந்து வரைஞ்சுக்கட்டும். எழுத்துரு, அடுக்கற நிரல், கீபோர்டு மூணையும் ஒரே மூட்டையாக் கட்டிக் கொண்டு வந்த மாதிரி. இதுல ஒரு எல்லையும் உண்டு. அந்தத் தமிழ் செயலிக்குள்ள மட்டும்தான் தமிழ். போனோட வழக்கமான இன்பாக்ஸ்லயோ, முகவரிப் பட்டியல்லயோ கிடையாது. எதிராளியும் படிக்கணும்னா அவரும் அதைப் போட்டிருக்கணும்.

கதவு இருக்கு எழுத்து இல்ல, எழுத்து இருக்கு கதவு இல்ல

அடுத்த கட்டம் டச் போன். இங்க ரெண்டு கம்பெனியும் ஆளுக்குப் பாதியைத்தான் குடுத்தாங்க, அதுவும் எதிரெதிர்ப் பாதி.

ஆண்ட்ராய்டு 2009ல, 1.5 பதிப்புலயே வெளியாள் செஞ்ச கீபோர்டைப் போட்டுக்க அனுமதிச்சுது. கதவு திறந்தாச்சு. ஆனா சிஸ்டத்துக்குள்ள தமிழ் எழுத்துரு இல்ல. கீபோர்டைப் போட்டு ஆசையா ‘மந்தைவெளி’ன்னு அடிச்சா ஒன்பது கட்டம் வரும். அடிச்சது சரி, உள்ள சேமிச்சதும் சரி, கண்ணுக்குத்தான் தெரியாது. இந்தியாவுக்குன்னு வந்த சில மாடல்கள்ல கம்பெனியே தமிழைச் சேத்திருப்பாங்க. வெளிநாட்டுல இருந்து சூட்கேஸ்ல வந்ததுல இருக்காது.

படிக்கறதுக்கு மட்டும் அப்போ ஒரு குறுக்கு வழி இருந்துச்சு, பழைய பதிவர்கள் எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கும். ஓபரா மினி உலாவியில முகவரி அடிக்கற இடத்துல இதை அடிக்கணும்:

```
opera:config
```

வர்ற பக்கத்துல கீழ `Use bitmap fonts for complex scripts`னு ஒரு வரி இருக்கும். அதை `Yes` பண்ணி சேமிச்சுட்டா, அப்புறம் தமிழ்ப் பக்கங்களை ஓபராவோட சர்வரே படமா வரைஞ்சு அனுப்பும். போனுக்கு எழுத்துருவே வேண்டாம், படத்தைக் காட்டினாப் போதும். படம்ங்கறதால டேட்டா கொஞ்சம் கூடச் செலவாகும். எத்தனையோ பேர் பஸ்ல உக்காந்து பதிவு படிச்சது இந்த ஒரு வரி புண்ணியத்துலதான். பின்னூட்டம் போடணும்னா மட்டும் பழையபடி தங்கிலீஷ்.

இன்னும் துணிஞ்சவங்க போனை ரூட் பண்ணி, சிஸ்டம் எழுத்துருக் கோப்புக்குப் பதிலாத் தமிழ் சேர்ந்த கோப்பை வெச்சாங்க. இப்போ கட்டம் போயிடும், எழுத்து வரும். ஆனா நான் மேல சொன்ன ரெண்டாவது விஷயம் இருக்கே, அடுக்கற நிரல், அது இல்ல. ஒருங்குறியில ‘வெ’ எப்படிச் சேமிக்கப்படுதுன்னு பாருங்க:

```
வ  U+0BB5
ெ  U+0BC6
```

முதல்ல வ, அப்புறம் கொம்பு. திரையில காட்டும்போது கொம்பை இழுத்துட்டு வந்து வ-வுக்கு முன்னாடி வைக்கறது அடுக்கற நிரலோட வேலை. அது இல்லாத போன்ல ‘மந்தைவெளி’யில ஐகாரச் சங்கிலி த-வுக்குப் பின்னாடியும், கொம்பு ள-வைப் பாத்துக்கிட்டும் நிக்கும். படிக்கறவர் அதை ‘மந்தவளெி’ மாதிரி ஏதோன்னு தடவிப் புரிஞ்சுக்கணும். எழுத்துருவைப் போட்டாத் தமிழ் வந்துடும்னு நினைச்சவங்க எல்லாரும் வந்து முட்டின சுவர் இது. 2011 கடைசியில ஆண்ட்ராய்டு 4.0 வந்த பிறகுதான் தமிழை ஒழுங்கா காட்டற ஏற்பாடு சிஸ்டத்துக்குள்ளயே வர ஆரம்பிச்சுது.

ஐபோன்ல நிலைமை தலைகீழ். அது தமிழை முன்னாடியே அழகா காட்டிடுச்சு, கொம்பு எல்லாம் சரியான இடத்துல. ஆனா வெளியாள் கீபோர்டுக்கு அனுமதி இல்ல, ஆப்பிள் தந்ததுலயும் தமிழ்க் கீபோர்டு இல்ல. அதனால செல்லினம் ஐபோன்ல தனிச் செயலியா இருந்துச்சு: அதுக்குள்ள போய் எழுதி, நகலெடுத்து, வெளிய வந்து ஒட்டணும். ஒரு வரிக்கு இது சரி. நாலு பேர் பேசற அரட்டையில நீங்க ஒட்டறதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிடும்.

2013 செப்டம்பர்ல ஐஓஎஸ் 7 வந்தப்போ தமிழ் 99, அஞ்சல்னு ரெண்டு தமிழ்க் கீபோர்டும் போனோடயே வந்துது. அடுத்த வருஷம் ஐஓஎஸ் 8ல வெளியாள் கீபோர்டுக்கும் கதவு திறந்தாங்க. இந்த 2013ஐத்தான் ஃபாரின் போன் வரலாற்றுல பெரிய திருப்பம்னு நான் சொல்லுவேன். ஏன்னா அது இந்தியாவுல விக்கற போனுக்கு மட்டும் வந்த வசதி இல்ல. டல்லாஸ்ல வாங்கினாலும் துபாய்ல வாங்கினாலும் உள்ள ஒரே சிஸ்டம். ‘எந்த ஊர்ல வாங்கினது’ங்கற கேள்விக்கே அங்க அர்த்தம் போச்சு.

ஆண்ட்ராய்டு பக்கம் அது நடக்க இன்னும் கொஞ்சம் நாளாச்சு. 2017 ஏப்ரல்ல கூகுளோட ஜிபோர்டு 22 இந்திய மொழிகளுக்கு வந்துது. இதுக்கு நடுவுல 2016ல நம்ம அரசும் ஒரு விதி போட்டுச்சு: இந்தியாவுல விக்கற போன்ல 22 மொழியையும் படிக்க முடியணும், ஆங்கிலம், இந்தி, கூட இன்னும் ஒரு இந்திய மொழியிலயாவது அடிக்க முடியணும்னு. ஐ.எஸ். 16333ங்கற தரத்தோட மூணாவது பகுதி அது. நல்ல விதிதான், ஆனா இந்தியாவுல விக்கற போனுக்குத்தான் செல்லும். சித்தப்பா கொண்டு வந்த போனை அது கட்டுப்படுத்தாது. அந்தப் போனுக்குத் தமிழைக் கொண்டு வந்து சேத்தது உலகம் முழுக்க ஒரே சிஸ்டம்னு ஆன மாற்றம்தான்.

இப்போ எப்படிப் போடறது

இன்னிக்கு வெளிநாட்டு ஐபோன் கைக்கு வந்தா இவ்வளவுதான்:

```
Settings > General > Keyboard > Keyboards > Add New Keyboard > Tamil
```

அங்க `Tamil 99` வேணுமா `Anjal` வேணுமான்னு கேக்கும். ஆண்ட்ராய்டுன்னா ஜிபோர்டைத் திறந்து, பல்சக்கரப் படத்தைத் தொட்டு, `Languages`, அப்புறம் `Add keyboard`, அதுல தமிழ். ரெண்டுலயும் போனோட மொழியையோ நாட்டையோ மாத்த வேண்டியதில்ல. மெனு எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கலாம், வாங்கின நாட்டு அமைப்பு அப்படியே இருக்கலாம். சீனாவுக்குன்னு விக்கற ஆண்ட்ராய்டு போன்ல மட்டும் கூகுள் சமாச்சாரம் இருக்காது, அங்க கீபோர்டை வேற வழியில கொண்டு வரணும்.

ரெண்டுல எதைத் தேர்ந்தெடுக்கறதுங்கறதுதான் இப்போ உண்மையான கேள்வி. அஞ்சல்ல நீங்க தட்டறது ஆங்கில எழுத்து, வர்றது தமிழ். தங்கிலீஷ் பழகின விரலுக்கு உடனே வரும். தமிழ் 99 வேற மாதிரி. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு தரப்படுத்தின அமைப்பு அது. இடக்கை பக்கம் உயிர், வலக்கை பக்கம் பெரும்பாலும் மெய். புள்ளியைப் பல இடத்துல அதுவே வெச்சுக்கும்: ஒரே மெய் ரெண்டு தடவை வந்தா முதலாவதுக்குப் புள்ளி, ‘ந’வுக்கு அப்புறம் ‘த’ வந்தா ‘ந்த’. அதனால ‘அம்மா’ங்கறது அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ‘மந்தைவெளி’ ம, ந, த, ஐ, வ, எ, ள, இ, எட்டுத் தட்டு. இங்கிலீஷ்ல அடிச்சா ஒன்பது. ஆமாங்க, தமிழ்லயே அடிக்கறது ஒரு தட்டு கம்மி!

இந்தத் தானியங்கிப் புள்ளி சில இடத்துல காலை வாரும். ‘பப்பாளி’ன்னு அடிக்க ப, ப, ப-ன்னு தட்டினா முதல் ‘ப’வுக்கே புள்ளி விழுந்துடும். அங்க நடுவுல ஒரு ‘அ’ போட்டு உடைக்கணும்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. இந்த ஒரு விதி தெரியாமத்தான் பாதிப் பேர் “தமிழ் 99 சரியா வேலை செய்யலை”ன்னு அஞ்சலுக்கு ஓடிடறாங்க.

எங்க பாட்டிக்கு வந்த சிக்கல் வேற. டைப்ரைட்டர்ல ‘வெ’ அடிக்க முதல்ல கொம்பு, அப்புறம் வ, கண்ணுக்குத் தெரியற வரிசை. தமிழ் 99ல காதுக்குக் கேக்கற வரிசை, முதல்ல வ, அப்புறம் எ. பாட்டி பழக்கத்துல எ-வை முதல்ல தட்டுவாங்க, ‘மந்தைஎவளி’ன்னு வரும். “வாயால சொல்லிக்கிட்டே அடிங்க பாட்டி, கையெழுத்தை மறந்துடுங்க”ன்னு சொன்னேன். ரெண்டு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம் அவங்க சித்தப்பாவுக்கு என்ன எழுதறாங்க, அவர் என்ன பதில் எழுதறார்னு எனக்குத் தெரியாது. தெரியாம இருக்கறதுதான் சரி.

மாத்தி மாத்தி அடிக்கறதோட செலவு

கம்ப்யூட்டர்ல எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் காலத்துல மொழி மாத்தறது `Alt`ஐயும் ஒரு எண்ணையும் சேத்து அமுக்கற வேலை. கட்டைவிரல் தானாப் பண்ணிடும். போன்ல அந்த வசதி இல்ல. குளோப் படம் போட்ட ஒரு சின்ன விசைதான். ஒவ்வொரு தடவையும் கண்ணு கீழ போகணும், விசைகள் மாறிடுச்சான்னு பாக்கணும். இதோட செலவை ஒரு செய்தியில எண்ணிப் பாப்போம்.

```
பாட்டி, PNR அனுப்பிருக்கேன். coach S4, எக்மோர்ல இருந்து.
```

தமிழ்ல ஆரம்பிச்சு இதை முடிக்க நாலு தடவை மாறணும்: PNRக்கு உள்ள போக, வெளிய வர, coachக்கு உள்ள போக, வெளிய வர. coachங்கற வார்த்தைக்கு மட்டும் அஞ்சு எழுத்து, கூட ரெண்டு மாற்றம், ஆக ஏழு தட்டு. அதையே ‘கோச்’னு எழுதினா க, ஓ, ச, புள்ளி, நாலு தட்டு, மாற்றமே இல்ல. பேச்சுல வர்ற ஆபீஸ், டிக்கெட், மீட்டிங் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதிட்டா குளோப் பக்கம் போகவே வேண்டாம். பழைய பதிவுகள்ல நாம எல்லாரும் அப்படித்தானே எழுதினோம்?

தவிர்க்க முடியாத இடம் சிலது இருக்கு: மெயில் முகவரி, இணையச் சுட்டி, பாஸ்வேர்டு, ரயில் பெட்டி எண் மாதிரி குறியீடுகள். அதுக்கு மாறித்தான் ஆகணும். அந்த மாற்றம் சுலபமா இருக்கணும்னா பட்டியல்ல ரெண்டே ரெண்டு மொழியை வைங்க. வெளிநாட்டுப் போன்ல பெரும்பாலும் அந்த நாட்டு ஆங்கிலம் இருக்கும், நாம இந்திய ஆங்கிலம் ஒண்ணு சேப்போம், கூட இன்னொரு மொழி, கடைசியா தமிழ். நாலு இருந்தா குளோப்பை அழுத்திப் பிடிச்சுப் பட்டியல்ல தேடிப் பொறுக்கணும். ரெண்டுதான் இருக்குன்னா ஒரே தட்டு, இந்தப் பக்கம் இல்லைன்னா அந்தப் பக்கம். ஐபோன்ல மேல சொன்ன `Keyboards` பட்டியல்லயே `Edit` போட்டு வேண்டாததைத் தூக்கிடலாம். ஜிபோர்டுல இடைவெளி விசையை அழுத்திப் பிடிச்சாலும் பட்டியல் வரும்.

இந்த விஷயத்துல தமிழ் 99க்கு இன்னொரு லாபம் உண்டு. அதுல விசை மேலயே தமிழ் எழுத்து இருக்கும், எந்த மொழியில இருக்கோம்னு பாத்ததும் தெரியும். அஞ்சல்ல விசை மேல ஆங்கில எழுத்து. இங்கிலீஷ்ல இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு PNRன்னு தட்டினா ‘ப்ண்ற்’ங்கற மாதிரி ஏதாவது வந்து நிக்கும். தமிழ் மட்டும் எழுதறவங்களுக்கு அஞ்சல் சுகம், கலந்து எழுதறவங்களுக்குத் தமிழ் 99 சுகம். இது என் கட்சி, உங்க கட்சி வேறன்னா சண்டைக்கு நான் தயார் :-)

இப்போ கணக்கைத் திருப்பிப் பாருங்க. வாட்ஸ்அப் டேட்டாவுல போகுது, 70ஆவது குறியில காசு கேக்கறவர் யாரும் இல்ல. எழுத்துரு எல்லாப் போன்லயும் இருக்கு. கொம்பு அதோட இடத்துல உக்காருது. கீபோர்டு இலவசம். நூத்தி அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவுல பொறந்த தங்கிலீஷ் மட்டும், அதைப் பெத்த காரணம் ஒவ்வொண்ணும் போன பிறகும், விரல்ல பழக்கமாத் தங்கியிருக்கு. நண்பர்களுக்குள்ள எப்படி வேணா அடிச்சுக்கலாம், எனக்கு அதுல புகார் இல்ல. வீட்டுல பேப்பரைத் தமிழ்ல மட்டும் படிக்கறவங்க ஒருத்தர் இருந்தா, அவங்களுக்குப் போற செய்தியை மட்டுமாவது அவங்களே படிக்கற எழுத்துல அனுப்புங்க. எட்டுத் தட்டுதான், ஒண்ணு கம்மிதான்.